ஒரே பாலிசி, இரண்டு கம்பெனி: கோ-இன்சூரன்ஸில் ஆலைகள் செய்யும் தவறுகள்

பெரிய ஆலை ஒன்றின் தீ விபத்துப் பாலிசியைக் கையில் எடுத்தால், மேலே ஒரு கம்பெனியின் பெயர்தான் தெரியும். கையெழுத்தும் முத்திரையும் அவர்களுடையதே. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே போனால் எங்கோ ஒரு சின்னக் கட்டம் இருக்கும்: லீடர் 60 சதவீதம், கோ-இன்ஷூரர் 40 சதவீதம். அந்தக் கட்டத்தைப் படிக்காமலே பாலிசியை ஃபைலில் போட்டுவிடும் ஆலைகள் ஏராளம். கோவை வட்டார நூற்பாலைகளுக்குக் கிளெய்ம் வேலை பார்த்துக்கொடுப்பது என் தொழில். தீப்பிடித்த பிறகுதான் பலர் அந்தக் கட்டத்தை முதல்முறையாகப் பார்க்கிறார்கள். அந்த நேரத்தில் அவர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கும்.

இருநூறு கோடி ரூபாய் மதிப்புள்ள ஆலையின் முழுச் சுமையையும் ஒரே கம்பெனி தலையில் ஏற்றிக்கொள்ள விரும்பாது. அதனால் இன்னொரு கம்பெனியைக் கூட்டு சேர்த்துக்கொள்கிறார்கள். இதுதான் கோ-இன்சூரன்ஸ். பாலிசி எழுதுவது, பிரீமியம் வாங்குவது, நஷ்டத்தைக் கணக்கிடும் சர்வேயரை அனுப்புவது, கிளெய்மை முடிவு செய்வது எல்லாம் லீடர் வேலை. மற்றவர் அதன் பின்னால் வருகிறவர், அதாவது ஃபாலோயர். இருவருக்கும் இடையே எழுத்தில் ஓர் ஏற்பாடு இருக்கும். ஆலைக்காரர் பேசுவது பெரும்பாலும் லீடரிடம் மட்டும்தான்.

முதல் தவறு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எல்லா வேலையையும் லீடர் பார்ப்பதால், எல்லாப் பணத்துக்கும் லீடரே பொறுப்பு என்று நினைத்துவிடுகிறார்கள். லீடர் ஜாமீன்தாரர் இல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்குக்கு மட்டும்தான் பதில் சொல்லும். நஷ்டம் 5 கோடி என்று முடிவானால் லீடர் 3 கோடி தருவார், ஃபாலோயர் 2 கோடி தர வேண்டும். அந்த 2 கோடி தாமதமானால் லீடர் கதவைத் தட்டி வாங்க முடியாது. சில ஏற்பாடுகளில் லீடரே முழுத் தொகையையும் கொடுத்துவிட்டுப் பிறகு ஃபாலோயரிடம் வசூலித்துக்கொள்வார். சிலவற்றில் தனித்தனியாக இரண்டு தொகை வரும். உங்கள் பாலிசி எந்த வகை என்பதைப் பாலிசி எடுக்கும்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். தீப்பிடித்த பிறகு கேட்டால், பதில் உங்களுக்குச் சாதகமாக வரும் என்று சொல்ல முடியாது.

கூடவே இன்னொரு குழப்பம். முதல் 60 கோடி வரை லீடர், அதற்கு மேல் போனால் ஃபாலோயர் என்று அடுக்கடுக்காக நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அப்படி இல்லை. நஷ்டத்தின் ஒவ்வொரு ரூபாயிலும் 60 காசு லீடருடையது, 40 காசு ஃபாலோயருடையது. நஷ்டத் தொகை சின்னதாக இருந்தாலும் இருவரும்தான் தருவார்கள்.

பிரீமியத்திலும் ஒரு வார்த்தை. 1938-ம் வருட இன்சூரன்ஸ் சட்டத்தின் 64VB பிரிவுப்படி, பிரீமியம் முன்கூட்டியே வந்து சேராமல் எந்தக் கம்பெனியும் ரிஸ்க்கை ஏற்கக் கூடாது. முழுப் பிரீமியத்தையும் லீடரே வாங்கிப் பிரித்துக்கொடுக்கும் ஏற்பாடு என்றால் கவலை குறைவு. பங்குக்குப் பங்கு தனித்தனி காசோலை கொடுக்கும் ஏற்பாடு என்றால், ஃபாலோயரின் காசோலையும் பாலிசி தொடங்கும் நாளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். மேசை டிராயரில் அது ஒரு வாரம் கிடந்தால், அந்த ஒரு வாரமும் உங்கள் ஆலைக்கு 40 சதவீத ஓட்டை.

இனி, நான் அதிகம் பார்க்கும் தவறு. இதை ஓர் உண்மைச் சம்பவத்தை வைத்தே சொல்கிறேன். ஆலையின் பெயரும் கம்பெனிகளின் பெயரும் வேண்டாம். கணக்குப் புரிவதற்காகத் தொகைகளை முழு எண்ணாக்கியிருக்கிறேன்.

ஒரு நூற்பாலை. மெஷினரிக்கான காப்பீட்டுத் தொகை 80 கோடி. லீடர் 60 சதவீதம், ஃபாலோயர் 40 சதவீதம். வருடத்தின் நடுவில் 20 கோடிக்கு நூல் சுற்றும் புது ஆட்டோகோனர்கள் வந்து இறங்கின. அக்கவுண்ட்ஸ் மேனேஜர் பொறுப்பானவர். மெஷின் வந்த வாரமே லீடருக்கு மெயில் போட்டு, கூடுதல் பிரீமியமும் கட்டிவிட்டார். லீடர் பாலிசியைத் திருத்தும் எண்டார்ஸ்மென்ட் அனுப்பினார்: மெஷினரி காப்பீட்டுத் தொகை இனி 100 கோடி. எல்லாம் சரி என்று ஃபைலில் போட்டார்கள்.

நான்கு மாதம் கழித்து, பஞ்சைப் பிரித்துச் சுத்தம் செய்யும் ப்ளோரூமில் தீ. பஞ்சுச் சிப்பத்தில் வந்த ஏதோ ஒரு இரும்புத் துண்டு பீட்டரில் உரசிப் பொறி கிளம்பியிருக்கிறது. பொறி பஞ்சோடு பஞ்சாகக் குழாய் வழியே கார்டிங் வரை போய்விட்டது. ஆட்டோகோனர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. சர்வேயர் மெஷினரி நஷ்டத்தை 5 கோடி என்று கணக்கிட்டார்.

லீடர் தன் 3 கோடியை ஒப்புக்கொண்டது. ஃபாலோயரிடமிருந்து வந்த கடிதத்தில் 2 கோடிக்குப் பதிலாக 1 கோடியே 60 லட்சம் என்று இருந்தது. காரணத்தைப் படித்தபோது எங்களுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அந்த எண்டார்ஸ்மென்ட்டின் நகல் அவர்களுக்கு வரவேயில்லை. கூடுதல் பிரீமியத்தில் அவர்கள் பங்கும் வரவில்லை. அவர்கள் புத்தகத்தில் மெஷினரியின் காப்பீட்டுத் தொகை இன்னும் 80 கோடிதான். ஆனால் தீப்பிடித்த அன்று ஆலையில் இருந்த மெஷினரியின் மதிப்பு 100 கோடி. மதிப்புக்குக் குறைவாகக் காப்பீடு செய்திருந்தால், நஷ்டத்தையும் அதே விகிதத்தில் குறைக்கலாம் என்பது தீ விபத்துப் பாலிசியின் பழைய நிபந்தனை. பாதிக்கப்பட்டது எந்த மெஷின் என்பதைப் பார்க்க மாட்டார்கள். மெஷினரி என்ற தலைப்பின் மொத்த மதிப்பைத்தான் பார்ப்பார்கள். 100-க்கு 80 என்றால் 5 கோடி 4 கோடியாகும். அதில் 40 சதவீதம் 1 கோடியே 60 லட்சம். 15 சதவீதம் வரை குறைவு இருந்தால் விட்டுக்கொடுக்கும் பிரிவு அந்தப் பாலிசியில் இருந்தது. இங்கே குறைவு 20 சதவீதம் என்பதால் அது கைகொடுக்கவில்லை.

ஒரே பாலிசி, ஒரே தீ, ஒரே சர்வே ரிப்போர்ட். 40 லட்சம் வித்தியாசம்.

அந்த எண்டார்ஸ்மென்ட்டைத் திரும்ப எடுத்துப் பார்த்தோம். புதிய காப்பீட்டுத் தொகை இருந்தது, கூடுதல் பிரீமியம் இருந்தது, தேதி இருந்தது. கோ-இன்சூரன்ஸ் கட்டம் மட்டும் இல்லை. பாலிசியில் இருந்த அந்தச் சின்னக் கட்டம் எண்டார்ஸ்மென்ட்டில் விட்டுப்போயிருந்தது. தவறு லீடர் அலுவலகத்தில் நடந்ததுதான். வங்கி ஸ்டேட்மென்ட்டை வைத்துக் கூடுதல் பிரீமியம் முழுவதையும் லீடர்தான் வாங்கியிருக்கிறது என்று காட்டினோம். அதன் பிறகு இரு கம்பெனிகளும் தங்களுக்குள் பேசி முடித்து, மீதிப் பணம் வந்தது. ஆனால் அதற்கு ஏழு மாதம் ஆனது. அந்த ஏழு மாதமும் வட்டி கட்டியது ஆலை.

ஆகவே எண்டார்ஸ்மென்ட் கைக்கு வந்ததும் பார்க்க வேண்டியது, அதிலும் இருவரின் பெயரும் பங்கும் அச்சாகியிருக்கிறதா என்பதைத்தான். இல்லையென்றால் அன்றே திருப்பி அனுப்புங்கள். அப்புறம் ஒரு நகலை நீங்களே ஃபாலோயர் அலுவலகத்துக்கு அனுப்பி, பெற்றுக்கொண்டதற்குப் பதில் வாங்குங்கள். லீடர் அனுப்புவார் என்று விட வேண்டாம். இன்னொன்றையும் கவனியுங்கள். சில ஆவணங்களில் தொகை 'எங்கள் பங்கு' என்ற அளவுக்கு மட்டும் அச்சாகியிருக்கும். 100 கோடிக்குப் பதில் 60 கோடி என்று இருந்தால், அது முழுத் தொகையா பங்குத் தொகையா என்று கேட்டுத் தெளிவாக்கிக்கொள்ளுங்கள். முழுத் தொகை என்ற இடத்திலேயே 60 என்று தவறாக ஏறியிருந்தால் மேலே சொன்ன கணக்கு இன்னும் மோசமாகும்.

கிளெய்ம் நேரத்துக்கு வருவோம். தகவலை லீடருக்குச் சொன்னால் போதும் என்பது நடைமுறையில் சரிதான். இருந்தாலும் அதே மெயிலில் ஃபாலோயரையும் சேர்த்துவிடுங்கள் என்பேன். ஒவ்வொரு கம்பெனியும் தன் பங்கில் ஒரு பகுதியை மறுகாப்பீட்டுக் கம்பெனிகளிடம் கொடுத்துவைத்திருக்கும். பெரிய நஷ்டம் என்றால் அவர்களுக்கு உடனே தெரிவிக்க வேண்டும், சில சமயம் அவர்கள் சம்மதம் இல்லாமல் தொகையை ஒப்புக்கொள்ளவும் முடியாது. லீடர் தகவல் தர ஒரு மாதம் இழுத்தால், ஃபாலோயருக்கும் அதன் மறுகாப்பீட்டாளர்களுக்கும் இடையே சிக்கல் வரும். வெளியே உங்களிடம் அதைச் சொல்ல மாட்டார்கள். 'பரிசீலனையில் இருக்கிறது' என்ற பதில் மட்டும் திரும்பத் திரும்ப வரும்.

இதற்கு நேர் எதிரான தவறும் உண்டு. இரண்டு கம்பெனிக்கும் தனித்தனியாகக் கணக்கு அனுப்புவது. சர்வேயர் ஒருவர்தான், லீடர் நியமித்தவர். அவருக்குக் கொடுத்த ஸ்டாக் கணக்கில் ஓர் எண், ஃபாலோயர் கேட்டாரென்று அவசரத்தில் அனுப்பியதில் வேறோர் எண் என்றால், அந்த வித்தியாசமே தனி விசாரணையாகிவிடும். கணக்கு எல்லாம் சர்வேயருக்கே போகட்டும், இருவருக்கும் நகல் மட்டும் போகட்டும். எரிந்த மெஷின்களைப் பழைய இரும்பாக விற்பதற்கும் லீடரின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். கடைக்காரர் நல்ல விலை சொல்கிறார் என்று வண்டியில் ஏற்றிவிடாதீர்கள்.

கடைசியில், பணம் பெற்றுக்கொள்வதற்குக் கையெழுத்துப் போட்டுத் தரும் டிஸ்சார்ஜ் வவுச்சர். லீடரிடமிருந்து 3 கோடிக்கு வவுச்சர் வரும். அதில் 'இந்த நஷ்டம் தொடர்பான முழுத் தொகையையும் பெற்றுக்கொண்டேன்' என்ற வாசகம் அச்சாகியிருக்கும். பணம் வருகிற அவசரத்தில் அப்படியே கையெழுத்துப் போட்டால், நாளைக்கு ஃபாலோயரிடம் 2 கோடி கேட்கும்போது அந்தத் தாளையே உங்கள் முன்னால் வைக்க இடம் கொடுத்ததாகும். வாசகத்தைத் திருத்தச் சொல்லுங்கள்: 'மொத்த நஷ்டத் தொகை ரூபாய் 5 கோடியில், லீடரின் 60 சதவீதப் பங்காக ரூபாய் 3 கோடி மட்டும்.' ஆலை மேல் வங்கிக் கடன் இருந்தால் வங்கியும் இதில் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும், பணமும் பெரும்பாலும் வங்கி வழியாகவே வரும். ஃபாலோயரின் பங்கும் அதே கடன் கணக்குக்குத்தான் வரப்போகிறது என்று வங்கி மேனேஜரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால், முதல் தொகை வந்ததும் கிளெய்ம் முடிந்தது என்று அவர் ஃபைலை மூடிவிட மாட்டார்.

பணம் வராமல் வழக்குக்குப் போக நேர்ந்தால், லீடரை மட்டும் எதிர்த்தரப்பாகப் போடாதீர்கள். போட்டால், 'எங்கள் பொறுப்பு 60 சதவீதம் மட்டுமே' என்பதுதான் அவர்கள் தாக்கல் செய்யும் பதிலின் முதல் பத்தியாக இருக்கும். அதற்குள் ஃபாலோயர் மேல் வழக்குத் தொடர்வதற்கான காலக்கெடு ஓடிக்கொண்டிருக்கும். இருவரையும் முதல் நாளே மனுவில் சேர்த்து, யாரிடம் எவ்வளவு பாக்கி என்பதையும் தனித்தனியாக எழுதச் சொல்லுங்கள்.