பொம்மை கார் மோட்டார் ஏன் சுடுது? ஒரு மல்டிமீட்டர் வச்சு பாத்துடலாம்

காரைக்குடில எங்க அக்கா மகன் ஆத்தங்குடிக்கல் தரையில ஓட்டுற கார் மெதுவாயிருச்சு, மோட்டாரை தொட்டா சுடுது. சரி இதையே பாடமா வச்சுக்கலாம்னு உக்காந்தோம்.

முதல்ல இதே மாதிரி ஒரு பழைய மோட்டார் எடுத்து பின்னாடி மடக்கியிருக்க தகடை நிமித்தி பிரிங்க. ஓட்டுல ரெண்டு காந்தம், நடுவுல மூணு சுருள், தண்டோட முனையில இடைவெளி விட்டு மூணு செம்புத் துண்டு. அந்தத் துண்டுங்கதான் கம்யூட்டேட்டர், அதை ரெண்டு பக்கமும் உரசுற மெல்லிசு தகடுதான் பிரஷ். மிக்ஸில இதே வேலைக்கு கார்பன் கட்டை இருக்கும்.

கரண்ட் போற சுருளை காந்தம் தள்ளும், சரி, ஆனா அரைச்சுத்து போனதும் அதே தள்ளு திரும்பி இழுக்குமே? ஆச்சி திருகை சுத்துறத பாத்திருக்கீங்களா, ஒரு பாதிக்கு கையால தள்ளுவாங்க, மறுபாதிக்கு தன் பக்கம் இழுப்பாங்க, அப்பதான் கல்லு ஒரே பக்கமா சுத்தும். கம்யூட்டேட்டர் பண்றது அதேதான், சுருள் திரும்புற நேரம் பாத்து பிரஷுக்கு அடியில துண்டு மாறி, அந்தச் சுருள்ல கரண்டை திருப்பி விட்டுரும். துண்டு ரெண்டே இருந்தா சில நிலையில மோட்டார் தானா கிளம்பாம நின்னுரும், அதுக்குத்தான் மூணு.

அடுத்து கார்ல இருக்க மோட்டாரோட வயரை பேட்டரியில இருந்து கழட்டி, மீட்டரை டிசி வோல்ட்ல வச்சு தண்டை விரலால சுண்டி விடுங்க. பேட்டரியே இல்லாம கொஞ்சம் வோல்ட் காட்டும், எதிர்ப்பக்கம் சுண்டினா மைனஸ்ல காட்டும். இதுதான் பேக் இஎம்எஃப், பாடப்புத்தகத்துல எதிர் மின்னியக்கு விசை. மோட்டார் ஓடும்போதும் இது உண்டாகி பேட்டரிய எதிர்த்து நிக்கும், வேகம் கூடக்கூட இதுவும் கூடும்.

இப்ப கணக்கு. மீட்டரை ஓம்ஸ்ல வச்சு, தண்டை கொஞ்சம் கொஞ்சமா திருப்பி மோட்டாரோட தடையை நாலஞ்சு தடவை அளந்து சராசரி எடுங்க, ஏன்னா பிரஷ் எங்க நிக்குதோ அதுக்கேத்த மாதிரி மாறும். மீட்டர் வயரை ஒண்ணோட ஒண்ணு தொட வச்சு வர்றத கழிச்சிருங்க. எங்களுக்கு 2 ஓம் வந்துச்சு. அப்புறம் சிவப்பு வயரை 10 ஆம்பியர் ஓட்டைக்கு மாத்தி வரிசையா இணைச்சு, சக்கரத்தோட சேக்காம வெறும் மோட்டாரா ஓட விட்டோம், 3 வோல்ட்ல 0.2 ஆம்பியர்.

```
3 − (0.2 × 2) = 2.6 வோல்ட்
```

பேட்டரியோட 3 வோல்ட்ல சுருளோட தடைக்குப் போறது 0.2 × 2, மிச்சம் இருக்க அந்த 2.6 தான் பேக் இஎம்எஃப். கார்ல மாட்டினதும் 0.8 ஆம்பியர்:

```
3 − (0.8 × 2) = 1.4 வோல்ட்
```

அதாவது வேகம் கிட்டத்தட்ட பாதி. கரண்ட் 4 மடங்கு, சுருள்ல சூடு அதோட வர்க்கம், 16 மடங்கு! தண்டை சுத்தவே விடாம பிடிச்சா பேக் இஎம்எஃப் பூஜ்யம், 1.5 ஆம்பியர் வரைக்கும் ஏறும், அப்படியே விட்டா வார்னிஷ் கருகுற வாடை வரும், அதனால ரொம்ப நேரம் பிடிச்சுப் பாக்காதீங்க.

மோட்டார்ல குத்தமே இல்ல. பின்சக்கர அச்சுல எங்க அக்காவோட தலைமுடி ஒரு கத்தை சுத்தியிருந்துச்சு, பிளேடு வச்சு அறுத்து எடுத்ததும் 0.3க்கு இறங்கிருச்சு.