தன்னார்வலரின் ஆய்வு வருகையை உறுதிசெய்வது எப்படி?

மருந்து ஆய்வில் ஒருங்கிணைப்பாளராகப் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு இது. ஜூன் 1, திங்கட்கிழமை முதல் மாத்திரை போட்ட தன்னார்வலர் 28 நாள் கழித்து, வெறும் வயிற்றில் ரத்தம் கொடுக்க வருகிறார் என்று வைத்துக்கொள்வோம்.

1. முதலில் தேதி வரம்பைக் கணக்கிடுங்கள். புரோட்டோகால் 3 நாள் முன்பின் அனுமதிக்கிறது என்றால், சரியான நாள் ஜூன் 29. வரம்பு ஜூன் 26 முதல் ஜூலை 2 வரை. இது கையில் இல்லாமல் போன் செய்தால், "வேற நாள் வரலாமா?" என்று அவர் கேட்கும்போது முழிக்க வேண்டியிருக்கும்.

2. வந்து சேரும் நேரத்தைச் சொல்லுங்கள். ரத்தம் எடுப்பது 9 மணிக்கு. ஆனால் அவரிடம் சொல்ல வேண்டியது 8:30. "9 மணிக்கு ரத்தப் பரிசோதனை" என்றால் 9:10க்கு வாசலில் நிற்பார். முந்தைய நாள் 9 மணிக்குப் போட்ட மாத்திரை 24 மணி நேரம் கழித்து உடலில் எவ்வளவு மிச்சம் என்று பார்க்கும் ஆய்வில், அந்தத் தாமதம் கணக்கில் ஏறிவிடும்.

3. செய்தி அனுப்புங்கள். இரண்டு நாள் முன்பு அனுப்பினால் போதும். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த வாசகம் இருந்தால் அதையே பயன்படுத்துங்கள். இல்லையென்றால் மாதிரி இப்படி எழுதி ஒப்புதலுக்கு அனுப்பலாம்:

> வணக்கம். உங்கள் வருகை ஜூன் 29, திங்கள். காலை 8:30க்குள் வந்துவிடுங்கள். முந்தைய இரவு 10 மணிக்குப் பிறகு தண்ணீர் மட்டும் குடிக்கலாம். நாங்கள் கொடுத்த மாத்திரையை அன்று காலை போடாமல் கொண்டு வாருங்கள். மிச்ச மாத்திரை, காலி அட்டை, குறிப்பேடு, அடையாள அட்டை தேவை. வர முடியாவிட்டால் இந்த எண்ணுக்கு அழையுங்கள். ஜூலை 2 வரை மாற்றலாம்.

நோயின் பெயரோ ஆய்வின் பெயரோ இதில் இல்லை, கவனியுங்கள். போனை வீட்டில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். வேறு யாராவது எடுத்தால், திரும்ப அழைக்கச் சொல்வதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

4. போனில் பேசி, அவர் வாயாலேயே சொல்லக் கேளுங்கள். "சரி" என்ற பதிலை நம்ப வேண்டாம். "அன்னிக்குக் காலைல என்ன பண்ணுவீங்க?" என்று கேளுங்கள். "காபி மட்டும் குடிச்சிட்டு வரேன்" என்று பதில் வந்தால், அந்த ஒரு கேள்வி ஒரு வருகையைக் காப்பாற்றிவிட்டது. சர்க்கரை, ரத்த அழுத்தத்துக்கு வழக்கமாகப் போடும் மாத்திரை பற்றி அவர் கேட்டால் நீங்களாகப் பதில் சொல்லாதீர்கள். ஆய்வு மருத்துவரிடம் கேட்டுத் திரும்ப அழையுங்கள். உடம்புக்கு ஏதோ சரியில்லை என்று பேச்சுவாக்கில் சொன்னாலும் அன்றே மருத்துவருக்குத் தெரிவியுங்கள்.

காலி அட்டை எதற்கு என்பதையும் சொல்லிவிடுங்கள். 30 கொடுத்து தினம் ஒன்று போட்டிருந்தால் 28 போய் 2 மிஞ்ச வேண்டும். அட்டை குப்பைக்குப் போய்விட்டால் அதைச் சரிபார்க்க வழியில்லை.

5. தேதி மாற்றினால் வரம்புக்குள் இரண்டு நாள்களைச் சொல்லித் தேர்ந்தெடுக்க விடுங்கள். ஜூலை 1க்கு மாறினால் இன்னும் இரண்டு மாத்திரை தேவை. 29, 30 காலையில் வழக்கம்போலப் போட வேண்டும். நிறுத்த வேண்டியது 1ஆம் தேதி காலைதான். இதைச் சொல்ல மறந்தால் அவர் பழைய செய்தியைப் பார்த்து 29ஆம் தேதியே நிறுத்திவிடுவார். புதிய தேதியோடு மறுபடி செய்தி அனுப்புங்கள். வரம்பைத் தாண்டித்தான் வர முடியும் என்றால் வற்புறுத்தாதீர்கள். பங்கேற்பது அவர் விருப்பம். முதன்மை ஆய்வாளரிடம் சொல்லிவிட்டு, பேசிய நேரத்தையும் காரணத்தையும் பதிவேட்டில் எழுதுங்கள்.