அப்பாவின் பணி ஓய்வுக்குப் பதிவு எழுதும்போது செய்யும் தவறுகள்

கிராம நிர்வாக அலுவலராக இருந்த தன் அப்பா மே 31-ஆம் தேதி ஓய்வு பெறுவதற்கு முந்தைய நாள், தோழி ஒருத்தி தான் எழுதியதை எனக்கு அனுப்பினாள்.

“32 ஆண்டுகள் நேர்மை, அர்ப்பணிப்பு, அயராத உழைப்பு ஆகியவற்றின் மறுஉருவமாகத் திகழ்ந்து, மக்கள் பணியே மகேசன் பணி என வாழ்ந்த என் பாசமிகு தந்தை இன்று பணி நிறைவு பெறுகிறார். உங்கள் மகளாகப் பிறந்ததில் பெருமை கொள்கிறேன்.”

இதில் பொய் எதுவும் இல்லை. ஆனால் இது மகள் எழுதியது மாதிரி இல்லை, பாராட்டு விழா அழைப்பிதழ் மாதிரி இருக்கிறது. சங்கத்துக்காரர்கள் அச்சடிக்கும் அழைப்பிதழில் இந்தச் சொற்கள் இருந்தே ஆக வேண்டும். அவர்கள் மாதம் நாலு பேரை வழியனுப்புகிறார்கள், எல்லோருக்கும் பொருந்துகிற சட்டைதான் தைக்க முடியும். மகளுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. முதல் தவறு அங்கேதான்: வாழ்த்துச் சொல்ல மொழி கிடைக்காமல் விழா மேடையில் இரவல் வாங்குவது.

சரி, பொதுச்சொல்லை எடுத்துவிட்டால் என்ன எழுதுவது? பெரும்பாலானோர் இங்கே அடுத்த தவறுக்குப் போகிறார்கள். எந்த வருடம் எந்த ஊர், எப்போது மாறுதல் என்று பணிப்பதிவேட்டை ஒப்பிக்கிறார்கள். விவரம் வந்துவிடும், அப்பா வரமாட்டார். தோழியும் இரண்டாவது முறை இதைத்தான் செய்தாள். ஏழு கிராமங்களின் பெயர்.

“ஜமாபந்தி சமயத்தில் உங்கள் வீடு எப்படி இருக்கும்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டாள். வருவாய்த் துறையின் கணக்கு ஆண்டான பசலி ஆண்டு ஜூன் மாதத்தோடு முடிகிறது. அதையொட்டி நடக்கும் கணக்குத் தணிக்கைதான் ஜமாபந்தி. எல்லாம் கையெழுத்தாக இருந்த காலத்தில், அதற்கு முந்தைய வாரம் அவர்கள் வீட்டுக் கூடத்தில், யார் நிலத்தில் என்ன பயிர் என்று எழுதும் அடங்கல் நோட்டுகள் பரப்பிக் கிடக்குமாம். அவள் சர்வே நம்பரையும் பரப்பையும் உரக்கப் படிப்பாள், அப்பா இன்னொரு நோட்டில் டிக் அடிப்பார். “பை”க்குப் பிறகு வரும் உட்பிரிவை விழுங்கினால் முதலிலிருந்து படிக்கச் சொல்வார். இதை அவளைத் தவிர வேறு யாரும் எழுத முடியாது. அயராத உழைப்பு என்று தனியாகச் சொல்ல வேண்டிய தேவையும் போய்விட்டது.

மூன்றாவது தவறு கொஞ்சம் நுட்பமானது. “ஒரு ரூபாய் கை நீட்டியதில்லை” என்று எழுதியிருந்தாள். அது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் மகள் 32 வருடமும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கவில்லை. பார்க்காததற்குச் சான்று கொடுத்தால், படிப்பவர் மனதில் பாராட்டுக்குப் பதிலாகச் சந்தேகம்தான் எழும். பார்த்ததை எழுதலாம். அவள் பார்த்தது ஒரு வாழைத்தார். யாரோ திண்ணையில் வைத்துவிட்டுப் போனதை, அப்பா அன்று மாலையே சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு திருப்பிக் கொடுக்கப் போனார். இவளுக்கு அழுகை, பழம் போச்சே என்று. அந்த அழுகையையும் சேர்க்கச் சொன்னேன். அது இருந்தால் அவர் சிலையாகிவிட மாட்டார்.

வாழைத்தார் வைத்தவரின் பெயரும் ஊரும் வேண்டாம் என்பது சொல்லாமலே தெரியும். ஓய்வூதிய ஆணையைப் படமெடுத்துப் போடுவதும் பணப்பலன் எவ்வளவு என்று எழுதுவதும் கூடாது. மோசடிக்காரர்கள் தேடுவது அதைத்தான்.

கடைசியில் நின்றது இது:

“அப்பா இன்று ஓய்வு பெறுகிறார். நான் தசமம் கற்றது பள்ளியில் இல்லை, ஜமாபந்திக்கு முந்தைய இரவுகளில். அடங்கலை நான் படிக்க, அப்பா டிக் அடிப்பார். 0.405 என்றால் ஒரு ஏக்கர் என்று எனக்கு அப்போதே தெரியும். ஒரு உட்பிரிவை விழுங்கினாலும் முதலிலிருந்து படிக்க வேண்டும். ‘நீ விட்டது ஒருத்தரோட நிலம்’ என்பார். ஒருநாள் வீட்டுக்கு வந்த வாழைத்தாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். அதற்கு நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.”

“மகளாகப் பிறந்ததில் பெருமை” என்ற வரியை எடுக்க அவளுக்கு மனசே இல்லை. காட்சி சொன்னதை மறுபடி விளக்கினால் காட்சி செத்துவிடும் என்று வாதாடித்தான் எடுக்க வைத்தேன்.

போடுவதற்கு முன் அப்பாவிடம் காட்டினாள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தாராம். அப்புறம் ஒரே ஒரு திருத்தம் சொன்னார்: “0.40.5னு எழுதும்மா. ஹெக்டேருக்கு அப்புறம் ஒரு புள்ளி, ஏருக்கு அப்புறம் ஒரு புள்ளி. அடங்கல்ல அப்படித்தான் எழுதுவோம்.”