சொல்லிக் கொடுக்கும் முன் ஐந்து எண்ணச் சொல்லுங்கள்

ஐந்தாம் வகுப்புப் பிள்ளையை இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு வாசிப்புத் துணையாக உட்கார வைத்தால், ஒரே ஒரு விதி சொல்லுங்கள்: சின்னவர் ஒரு சொல்லில் தடுமாறினால் மனதுக்குள் ஐந்து எண்ணிய பிறகே உதவ வேண்டும். "பட்டாம்..." என்று நின்றுவிட்டால் ஐந்து எண்ணும் இடைவெளியில் பல முறை "பூச்சி" தானாக வந்துவிடும். வராவிட்டால் பெரியவர் முழுச் சொல்லையும் சொல்ல, சின்னவர் அதைத் திருப்பிச் சொல்லி அந்த வாக்கியத்தை முதலிலிருந்து வாசிக்கட்டும்.

பெரிய பிள்ளைகளுக்கு அவசரம் அதிகம், உடனே சொல்லிவிடுவார்கள். சின்னவரும் எழுத்துக் கூட்டுவதை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்க்கப் பழகிவிடுவார். கண் புத்தகத்தில் இல்லாமல் பக்கத்தில் இருப்பவர் வாயில் இருந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். எதிரெதிரே உட்காராமல் அருகருகே உட்கார்ந்தால் இது குறையும். பரமபதம் ஆடும்போதும் இதே விதிதான்: கட்டத்தை எண்ணிக் காயை நகர்த்துவது சின்னவர் வேலை.

ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுமாறினால் இது பலிக்காது. புத்தகம் கடினம், மாற்றுங்கள். எழுத்தே இன்னும் பழகாத குழந்தைக்குப் பெரியவரே வாசித்துக் காட்டட்டும்.