இரகசியப் பிரிவை மூன்று வாக்கியங்களாகப் பிரியுங்கள்

புரிந்துணர்வு உடன்படிக்கையின் இரகசியப் பிரிவை ஒரே நீண்ட வாக்கியமாக விடாமல், எது இரகசியம், எத்தனை காலம், எவை விலக்கு என்று மூன்று வாக்கியங்களாகப் பிரித்து எழுதுங்கள். திருகோணமலையில் ஒரு மீனவர் கூட்டுறவுச் சங்கமும் ஓர் ஆய்வுக் குழுவும் மீன்பிடித் தரவுகளைப் பகிர்வதாகக் கொள்வோம். “சகல தகவல்களும் எக்காலமும் இரகசியமாகப் பேணப்படும்” என்ற வாசகத்தை இவ்வாறு மாற்றலாம்:

“சங்கம் ‘இரகசியம்’ எனக் குறித்து எழுத்தில் வழங்கும் படகுவாரி மீன்பிடித் தரவுகளை ஆய்வுக் குழு பிறருக்கு வெளியிடலாகாது. ஒவ்வொரு தரவுக்கும் இக்கடப்பாடு, அது வழங்கப்பட்ட நாளிலிருந்து 3 ஆண்டுகளுக்கு, உடன்படிக்கை முன்னரே முடிவுற்றாலும், நீடிக்கும். ஏற்கெனவே பகிரங்கமானவை, ஆய்வுக் குழு தானே முன்னர் அறிந்திருந்தவை, சட்டப்படி வெளியிட வேண்டியவை ஆகியவற்றுக்கு இது பொருந்தாது.”

காலம் எந்த நாளிலிருந்து ஓடுகிறது என்பதுதான் பெரும்பாலும் விடுபடுகிறது. கையொப்பமிட்ட நாளிலிருந்து எண்ணினால், இரண்டாம் ஆண்டின் இறுதியில் கொடுத்த தரவுக்கு ஓராண்டுப் பாதுகாப்பே மிஞ்சும். விலக்குகள் தனி வாக்கியமாக நிற்பதால், அவை காலத்துக்கா தகவலுக்கா உரியவை என்ற குழப்பம் எழாது.

மீனவர்களின் பெயர், தொலைபேசி இலக்கம் போன்ற தனிப்பட்ட தரவுகளுக்கு இந்த 3 ஆண்டு வரையறை ஏற்றதன்று. அவற்றுக்குத் தனிப் பிரிவு வேண்டும். ஒரு தரப்பு அரச நிறுவனமாயின், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தை இரகசியப் பிரிவினால் மீற முடியாது. உடன்படிக்கை சட்டப்படி பிணைக்காது என்று வேறோரிடத்தில் எழுதியிருந்தால், இப்பிரிவு மட்டும் பிணைக்கும் என்று அங்கேயே சேர்க்காவிட்டால் இந்தத் திருத்தம் பயன்படாது.