சாம்பல் நிறத்தில் ஊரும் புள்ளிகள்: மலிவு லேப்டாப் திரையில் தவறாகப் புரிந்துகொள்ளப்படுபவை

அடர் சாம்பல் பின்னணியில் எறும்பு ஊர்வதுபோல் ஒரு மெல்லிய அசைவு தெரிந்தால், பலர் உடனே கிராபிக்ஸ் டிரைவரை அழித்துவிட்டு மறுபடி நிறுவுவார்கள். அதற்கு முன் திரை என்ன செய்கிறது என்று பார்ப்பது நல்லது.

விலை குறைந்த பேனல்களில் பல 6 பிட் வகை. ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 64 படிகள்தான் உண்டு. படமோ 256 கேட்கிறது. 129 என்ற அளவு வேண்டும் என்று வையுங்கள். பேனலால் தர முடிந்தவை 128-உம் 132-உம் மட்டுமே. எனவே நான்கு ஃப்ரேம்களில் மூன்று முறை 128, ஒரு முறை 132 என்று காட்டுகிறது, சராசரி 129. இருக்கும் நிறங்களைக் கலந்து இல்லாத நிறம்போல் காட்டுவதே டிதரிங். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாற்றிச் செய்யும் இந்த வகைக்கு எஃப்ஆர்சி என்று பெயர். பிக்சல்களை இயக்க நுணுக்கமான டிரைவர் சிப் தேவையில்லை என்பதால் பேனலின் விலை குறைகிறது.

60 ஹெர்ட்ஸ் திரையில் இந்த நான்கு ஃப்ரேம் சுற்று நொடிக்கு 15 முறைதான் வரும். அது கண்ணில் படும் வேகம். அதனால் பக்கத்துப் பிக்சல்கள் வெவ்வேறு ஃப்ரேமில் மாறும்படி அமைக்கிறார்கள். ஒன்று கூடும்போது மற்றொன்று குறைய, கண் சமமாகவே பார்க்கிறது. படத்திலேயே ஒன்றுவிட்டு ஒன்று மாறும் நுண்ணிய கட்டம் இருந்தால்தான் சிக்கல். ஒரு பிக்சல் 128, அடுத்தது 129 என்றால் பாதிப் பிக்சல்கள் மட்டுமே மாறுகின்றன, ஈடுகட்டும் துணை போய்விடுகிறது, மினுமினுப்பு வெளியே தெரிகிறது. இருண்ட நிறங்களில் ஒரு படியின் வித்தியாசம் ஒப்பீட்டளவில் பெரிது. அங்கே இன்னும் எளிதாகத் தெரியும்.

இதைப் பின்னொளியின் துடிப்போடு குழப்புவதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. பின்னொளித் துடிப்பு திரை முழுவதையும் பாதிக்கும். பெரும்பாலும் வெளிச்சத்தைக் கூட்டினால் அடங்கும். டிதரிங் மினுமினுப்பு முழு வெளிச்சத்திலும் சில நிறங்களில் மட்டும் நிற்கும். சோதிக்க, இரவு ஒளி அமைப்பையும் நிற ப்ரொஃபைலையும் அணைத்துவிட்டு, முழுத்திரையில் 128, 129, 130 என்று சாம்பல் நிறங்களை மாற்றி, கிட்டத்தில் உற்றுப் பாருங்கள். ஒன்றில் அசைவில்லாமலும் அடுத்ததில் ஊர்வதாகவும் இருந்தால் டிதரிங்தான் காரணம் என்று சந்தேகிக்கலாம்.

ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஆராய்வது வீண். டிதரிங் அதற்குப் பிறகான கட்டத்தில் நடப்பதால் படத்தில் பதியாது. கணினி 8 பிட் என்று காட்டுவதையும் அப்படியே நம்பவேண்டாம். அது பேனலுக்குப் போகும் சிக்னலின் அளவாக இருக்கலாம்.

சரி, அணைத்துவிடலாமா? கிராபிக்ஸ் சிப் டிதரிங் செய்தால் சில டிரைவர்களில் அணைக்க முடியும். ஆனால் அப்போது வானம் போன்ற மென்மையான நிறமாற்றங்கள் பட்டை பட்டையாகப் பிரியும். பேனலுக்குள் நடக்கும் எஃப்ஆர்சிக்குப் பொதுவாக அமைப்பே கிடையாது. பின்னணியின் நிறத்தை ஒன்றிரண்டு அளவு தள்ளி, அசைவில்லாத நிறத்தில் வைப்பதுதான் அங்கே கைகொடுக்கும்.