கபடியில் "இப்பப் பிடி!" என்று கத்தாமல் பிடிக்க வைப்பது எப்படி? கேள்வி கேட்டுப் பயிற்சி தரும் முறை

எங்கள் ஊர் மைதானத்தில் 14 வயதுக்கு உட்பட்ட பசங்களுக்கு மாலையில் கபடி சொல்லித் தருகிறேன். லெஃப்ட் கார்னரில் நிற்கும் பையன் ஒருவன், ரைடர் பக்கத்தில் வந்தாலே காலைப் பிடிக்கப் பாய்ந்துவிடுவான். ரைடர் காலை இழுத்துக்கொண்டு, இவன் முதுகைத் தொட்டுவிட்டு நடுக்கோட்டைத் தாண்டிவிடுவான். நான் கோட்டுக்கு வெளியே நின்று "பொறு, பொறு... இப்பப் பிடி!" என்று கத்துவேன். இரண்டு வாரத்தில் நன்றாகவே பிடிக்க ஆரம்பித்தான். அப்புறம் பக்கத்து ஊர்ப் போட்டிக்குப் போனோம். கூட்டமும் விசிலுமாக இருந்த இடத்தில் என் குரல் அவனுக்குக் கேட்கவில்லை. முதல் ரைடிலேயே பழையபடி பாய்ந்தான். அடுத்த ரைடில் ரைடர் காலை நீட்டிய நேரத்தில் என் பக்கம் திரும்பிப் பார்த்தான்.

அந்தப் பார்வையில்தான் எனக்கு விஷயம் புரிந்தது. இரண்டு வாரமாக அவன் கற்றுக்கொண்டது என் குரலைக் கேட்க. ரைடரின் காலைப் படிக்க அவன் கற்றுக்கொள்ளவில்லை. ஒரு ரைடு 30 விநாடி ஓடும், ஆனால் பிடிக்கலாமா கூடாதா என்ற முடிவு கண்ணிமைக்கும் நேரத்தில் எடுக்க வேண்டியது. நான் பார்த்து, கத்தி, அவன் கேட்டு, உடம்பு அசைவதற்குள் ரைடர் தன் பக்கம் போய்விடுவான். அந்த முடிவை அவனே எடுக்கப் பழக வேண்டும் என்றுதான் கேள்வி கேட்கும் முறைக்கு மாறினேன். அந்த ஒரு பிரச்சினையை வைத்தே முறையைப் படிப்படியாக எழுதுகிறேன்.

படி 1: ஒரே ஒரு பிரச்சினை, மூன்று கேள்வி

மைதானத்துக்குப் போகும் முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். "தடுப்பாட்டம் சரியில்லை" என்று எழுதினால் அதிலிருந்து கேள்வி பிறக்காது. "ரைடரின் எடை காலில் இறங்கும் முன்பே கார்னர் பாய்கிறான்" என்று கண்ணால் பார்க்கக்கூடியதாக எழுதுங்கள். அன்றைக்கு நான் எழுதிக்கொண்டு போன மூன்று கேள்விகள் இவை:

நீ பாயும்போது ரைடரின் எந்தக் கால் தரையில் ஊன்றியிருந்தது?
எந்த நேரத்தில் அவனால் காலை இழுக்க முடியாது?
எந்த இடத்தில் பிடித்தால் அவன் கை நடுக்கோட்டை எட்டாது?

மூன்றுக்கும் விடை ஆடுகளத்திலேயே இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். என் மனசில் இருப்பதைப் பையன் ஊகித்துச் சொல்ல வேண்டிய கேள்வி ஒன்றுகூட இல்லை. "நல்ல கார்னருக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் "பொறுமைண்ணே" என்பான். எனக்குப் பிடித்த பதில் எது என்று அவனுக்குத் தெரியும், அவ்வளவுதான்.

படி 2: கேள்விக்கு விடை தரும்படி ஆட்டத்தைச் சுருக்குங்கள்

1982-ல் இங்கிலாந்தின் லஃப்பரோ பல்கலைக்கழகத்தில் இருந்த பங்கர், தார்ப் என்ற இருவர் விளையாட்டுக் கல்வியில் ஒரு மாற்றத்தை முன்வைத்தார்கள். முதலில் ஆட்டத்தின் சுருக்கமான வடிவத்தை ஆட விடு, அதில் பிரச்சினை எழட்டும், நுட்பத்தை அப்புறம் சொல்லிக் கொடு என்பது அதன் சாரம். நான் செய்தது அதைத்தான்.

ஒரு பக்க ஆடுகளம் மட்டும். சுண்ணாம்பில் மூன்று கோடு: நடுக்கோடு, அதிலிருந்து 3 மீட்டரில் பாக் லைன், அதற்கு 1 மீட்டர் பின்னால் போனஸ் கோடு. ஒரு ரைடர், நான்கு கேட்சர்கள்: இரண்டு கார்னர், இரண்டு கவர். விதிப்படி ஆறு பேராவது களத்தில் இருந்தால்தான் ரைடருக்கு போனஸ் உண்டு. இங்கே நாலு பேர் நின்றாலும் போனஸ் உண்டு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன். அது இல்லையென்றால் ரைடர் போனஸ் கோட்டை நோக்கிக் காலை நீட்ட மாட்டான், கார்னருக்குப் படிக்க எதுவும் இருக்காது.

ஐந்து ரைடு ஆடவிட்டு நிறுத்துங்கள். அந்த ஐந்து ரைடும் வாயைத் திறக்காதீர்கள். இந்த முறையில் எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். முதல் ஐந்தில் ஒரே ஒரு பிடிதான் விழுந்தது.

படி 3: கேளுங்கள், காத்திருங்கள்

இங்கே கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புதிதாக ஆரம்பிப்பவர்கள் தடுமாறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான்.

முதல் கேள்வி "ஏன்" என்று தொடங்க வேண்டாம். நம் ஊரில் "ஏண்டா அப்படிப் பண்ண?" என்பது கேள்வியே இல்லை, திட்டு. வீட்டிலும் பள்ளியிலும் அதைக் கேட்டுப் பழகிய பையன் தலையைக் குனிந்துகொண்டு "சாரிண்ணே" என்பான். அதோடு யோசனை நின்றுவிடும். "என்ன பார்த்த?", "எங்க இருந்த?", "எப்போ?" என்று கேளுங்கள். அதேபோல "புரிஞ்சுதா?" என்றால் பன்னிரண்டு பேரும் ஒரே குரலில் "புரிஞ்சுதுண்ணே" என்பார்கள். அதிலிருந்து உங்களுக்கு எதுவும் தெரியாது.

கேட்டபின் மனசுக்குள் மூன்று எண்ணுங்கள். மேரி பட் ரோ என்ற அமெரிக்கக் கல்வியாளர் அறிவியல் வகுப்புகளைப் பதிவு செய்து பார்த்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு விநாடி அளவுக்குத்தான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக்கியதும் பதில்கள் நீண்டன, வழக்கமாகப் பேசாத பிள்ளைகளும் பேசினார்கள். மைதானத்திலும் அப்படித்தான். அந்த மூன்று விநாடியில் நாமே பதிலைச் சொல்லிவிடாமல் இருக்க வேண்டும்.

அன்று நடந்ததை அப்படியே தருகிறேன்.

"நீ பாயும்போது அவன் எந்தக் கால் ஊன்றியிருந்துச்சு?"

கொஞ்ச நேரம் அமைதி. "பார்க்கலண்ணே."

"அப்போ எதைப் பார்த்துக்கிட்டிருந்த?"

"மூஞ்சியண்ணே. கையை வேற ஆட்டினான்."

வேலைக்கு ஆகும் பதில் இதுதான். அவன் அவசரப்படுவதற்குக் காரணம் பொறுமையில்லாதது அல்ல, கண் வேறிடத்தில் இருப்பது. இரண்டு வாரம் "பொறு" என்று கத்திய எனக்கு இது தெரியவே இல்லை. அடுத்த ஐந்து ரைடுக்கு ஒரே வேலை கொடுத்தேன்: "பிடிக்கலாம், பிடிக்காமலும் விடலாம். ஆனா ரைடு முடிஞ்சதும் கடைசியா எந்தக் கால்ல எடை போட்டான்னு சொல்லணும்."

படி 4: பதிலைத் தீர்ப்புச் சொல்லாமல் ஆடிப் பாருங்கள்

இரண்டாவது கேள்விக்கு இரண்டு பதில் வந்தன. "காலை நீட்டும்போது பிடிக்கணும்" என்றான் ஒருவன். "நீட்டின கால் தரையில பட்டு, முட்டி மடங்கினப்புறம்" என்றான் ரைட் கவரில் நின்றவன். எனக்கு விடை தெரியும். கால் காற்றில் இருக்கும்போது எடை பின்காலில் இருப்பதால் அவன் சுலபமாக இழுத்துக்கொள்வான். எடை இறங்கிய காலைத் தூக்க வேண்டுமானால் முதலில் எடையை மற்றக் காலுக்கு மாற்ற வேண்டும், அந்த அரை நொடிதான் கார்னருக்கு உரியது. ஆனாலும் சொல்லவில்லை. "சரி, அஞ்சு ரைடு உன் மாதிரி, அஞ்சு ரைடு அவன் மாதிரி" என்றேன். மண்ணில் கோடு போட்டு எண்ணினோம். முதல் முறையில் ஒன்று, இரண்டாவதில் மூன்று.

தவறான யோசனையையும் இதேபோல் ஆடவிடுங்கள். "கார்னர் போனஸ் கோட்டுக்கு ரொம்பப் பின்னாடியே நின்னுட்டா தொட முடியாதுல்ல?" என்று ஒருவன் கேட்டான். நிற்க வைத்தோம். ரைடர் வரிசையாக போனஸ் எடுத்துக்கொண்டு போனான். மூன்றாவது ரைடுக்குள் அவர்களே முன்னால் வந்துவிட்டார்கள்.

மூன்றாவது கேள்வி பிடி விழ ஆரம்பித்த பின்தான் தேவைப்பட்டது. கார்னர் காலைப் பிடித்துவிடுகிறான், ஆனால் ரைடர் விழுந்தபடியே கையை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டுவிடுகிறான். "எந்த இடத்துல பிடிச்சா கை எட்டாது?" என்றதும் ஒருவன் "படுத்துப் பார்க்கலாம்ணே" என்றான். ரைடரை நடுக்கோட்டைப் பார்த்துக் குப்புறப் படுக்க வைத்துக் கைகளை நீட்டச் சொன்னோம். கால் போனஸ் கோட்டில் இருந்தபோது விரல் நுனிக்கும் நடுக்கோட்டுக்கும் நடுவே ஏறக்குறைய 2 மீட்டர் மிச்சம். பாக் லைனில் படுத்தால் 1 மீட்டர், அது ஒரு தள்ளலில் போய்விடும் தூரம். அதற்கும் முன்னால் என்றால் கை கோட்டில். குதிகாலால் மண்ணில் கோடு கிழித்து, "இதுக்கு முன்னாடி தனியா பிடிக்கக் கூடாது, கவர் பக்கத்துல இருந்தாத்தான்" என்று அவர்களே முடிவு செய்தார்கள். கவரில் நிற்பவன் எத்தனை அடி தள்ளி நிற்க வேண்டும் என்ற பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கியது.

படி 5: எல்லோரும் யோசிக்கிறார்களா என்று பாருங்கள்

எந்தக் குழுவிலும் ஒருவன் எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொள்வான். அவனை அடக்க வேண்டாம். "கார்னரும் கவரும் 20 விநாடி உங்களுக்குள்ள பேசிட்டுச் சொல்லுங்க" என்று ஜோடியாக விடுங்கள், பதிலை அமைதியாக இருப்பவனிடம் கேளுங்கள். ஒரு நிறுத்தத்துக்கு ஒரு கேள்வி, ஒரு நிமிடத்துக்கு மேல் வேண்டாம். பசங்க மண்ணைக் கிள்ள ஆரம்பித்தால் நீங்கள் அதிகம் பேசிவிட்டீர்கள் என்று அர்த்தம்.

முறை வேலை செய்கிறதா என்பதை அவர்களின் பதிலை வைத்தே கண்டுபிடிக்கலாம். "பொறுமையா இருக்கணும்" என்றால் இன்னும் உங்களுக்காகப் பேசுகிறார்கள். "முட்டி மடங்குச்சு, அதான் போனேன்" என்றால் ஆட்டத்தைப் பார்க்கிறார்கள்.

எங்கே கேட்கக் கூடாது

பாதுகாப்பு விஷயத்தில் கேள்வி கிடையாது. பாயும்போது தலை ரைடரின் முட்டிக்கு நேராகப் போகக் கூடாது, கழுத்தைப் பிடிக்கக் கூடாது என்பவற்றை நேரடியாகச் சொல்லி, செய்து காட்டி, தவறினால் ஆட்டத்தை நிறுத்துங்கள். கணுக்காலை இரண்டு கையாலும் எப்படிப் பூட்டுவது என்பதையும் முதல் தடவை காட்டித்தான் ஆக வேண்டும். தெரியாத பிடியைக் கேள்வியால் வரவழைக்க முடியாது. போட்டியில் டைம் அவுட் 30 விநாடிதான். அங்கே நான் கேட்பது "அவன் எந்தப் பக்கம் திரும்புறான்?" என்ற ஒன்று மட்டுமே. பதில் வரவில்லையென்றால் நானே சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் அந்த லெஃப்ட் கார்னர் பையன் தண்ணீர் குடிக்கும்போது வந்து, "அண்ணே, காலை ஊன்றுற மாதிரி ஏமாத்துறவன் வந்தா எதைப் பார்க்கிறது?" என்றான். இடுப்பைப் பார் என்று சொல்ல வாய் வந்தது. "நீயே ரைடரா போய் ஏமாத்திப் பாரு. உன் உடம்புல எது ஏமாத்த மாட்டேங்குதுன்னு வந்து சொல்லு" என்றேன். டம்ளரை வைத்துவிட்டு நடுக்கோட்டுக்குப் போனான்.